விந்து வெளியேறும்போது வலி: மாத்திரையில் நின்று மறுபடி வருவது ஏன்?

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 37, திருமணமாகி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. நான்கு மாதங்களுக்கு முன் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலும் லேசான காய்ச்சலும் வந்தன. பக்கத்து கிளினிக்கில் நைட்ரோஃபுரான்டாயின் மாத்திரை ஐந்து நாளுக்குக் கொடுத்தார்கள், சரியாகிவிட்டது. மூன்று வாரம் கழித்து, உறவின் முடிவில் விந்து வெளிவரும் நேரத்தில் விதைப்பைக்குப் பின்னால் குத்துவது போல வலி வந்தது. அரை மணி நேரம் இருக்கிறது. பிறகு எரிச்சலும் திரும்பிவிட்டது. அதே மாத்திரையை இரண்டு முறை கடையில் வாங்கிச் சாப்பிட்டேன். நிற்கிறது, மறுபடி வருகிறது. மாத்திரை சாப்பிடும்போது எடுத்த யூரின் டெஸ்ட் நார்மல். மனநல மருத்துவர் சொல்லி இரண்டு ஆண்டுகளாக க்ளோமிப்ரமின் எடுக்கிறேன். அதனால்தான் வலி என்கிறார் நண்பர், நிறுத்திவிடலாமா? சிறு வயதுப் பழக்கத்தின் விளைவா? மனைவிக்கும் தொற்றுமா? வெட்கத்தால் யாரிடமும் கேட்க முடியவில்லை.

பதில்: அன்புள்ள நண்பருக்கு வணக்கம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவியது அந்த மாத்திரையின் பெயர். நைட்ரோஃபுரான்டாயின் நல்ல மருந்து. ஆனால் அது வேலை செய்வது சிறுநீரில் மட்டும்தான். விழுங்கிய சில மணி நேரத்தில் சிறுநீரகம் அதை வடிகட்டிச் சிறுநீர்ப்பைக்கு அனுப்பிவிடுகிறது. அங்கே மிதக்கும் கிருமிகளைக் கொல்கிறது. உடலின் மற்றத் திசுக்களில், குறிப்பாகப் புராஸ்டேட் சுரப்பிக்குள், அது போதிய அளவில் சேர்வதே இல்லை. கிருமி புராஸ்டேட்டுக்குள் தங்கியிருந்தால், மாத்திரை எடுக்கும் நாட்களில் சிறுநீர் சுத்தமாகிவிடும், எரிச்சல் நிற்கும், பரிசோதனையும் நார்மல் என்று வரும். மாத்திரை முடிந்த சில வாரங்களில் சுரப்பியிலிருந்து கிருமி மீண்டும் சிறுநீருக்குள் கசிந்து எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். மூன்று முறை உங்களுக்கு நடந்தது இதுவாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் சொல்ல முடியும். உறுதி செய்ய ஒரு பரிசோதனை இருக்கிறது, அதை விரிவாகவே சொல்கிறேன்.

அதற்கு முன் வலி எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்துவிடுவோம். புராஸ்டேட் ஒரு சிறிய எலுமிச்சங்காய் அளவுள்ள சுரப்பி. சிறுநீர்ப்பையின் வாய்க்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னால் இருக்கிறது. சிறுநீர்க் குழாய் அதன் நடுவே புகுந்துதான் வெளியே வருகிறது. விந்து நீரில் பெரும்பகுதி, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, புராஸ்டேட்டுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு விந்துப் பைகளில் சுரக்கிறது. மீதியில் பெரும்பங்கு புராஸ்டேட் தருவது. விதையிலிருந்து வரும் விந்தணுக்கள் கனஅளவில் மிகக் கொஞ்சம். உச்ச நேரத்தில் முதலில் இந்தச் சுரப்பிகளின் சுவரிலுள்ள தசைகள் இறுகித் தம்மிடம் உள்ள நீரைச் சிறுநீர்க் குழாய்க்குள் பிழிகின்றன. அடுத்த கணம் விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே இருக்கும் தசைகள் விட்டுவிட்டுத் துடித்து அதை வெளியே தள்ளுகின்றன. வீங்கிப் புண்பட்ட சுரப்பி இப்படிப் பிழியப்படும்போது வலிக்காமல் இருக்காது. சாதாரண நேரத்தில் ஒன்றும் தெரியாமல் அந்த ஒரு நேரத்தில் மட்டும் உங்களுக்குக் குத்துவதன் காரணம் இதுதான்.

ஆகவே, வலிக்கும் இடத்தைக் கேட்டாலே பாதி விவரம் கிடைத்துவிடும். விந்து வரும்போது ஆணுறுப்பின் நுனியிலோ தண்டின் நீளத்திலோ எரிந்தால் சிறுநீர்க் குழாயைச் சந்தேகிப்போம். புதிய ஒருவருடன் பாதுகாப்பற்ற உறவு நடந்து சில நாட்களிலோ இரண்டு மூன்று வாரங்களிலோ இது தொடங்கி, காலையில் உள்ளாடையில் சீழ்க் கறையும் தெரிந்தால் கொனோரியா, கிளமிடியா ஆகிய பால்வினைத் தொற்றுகளுக்கே முதலில் பரிசோதிக்க வேண்டும். ஒரு பக்க விதை கனத்து, தொட்டால் வலித்தால், விதையின் பின்புறம் ஒட்டியிருக்கும் விந்துக் குழல் சுருளில் அழற்சி இருக்கலாம். அடிவயிற்றின் ஆழத்திலும், விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவிலும், சில சமயம் கீழ் முதுகிலும் வலித்தால் புராஸ்டேட், விந்துப் பைகள், அவற்றைச் சுற்றியிருக்கும் இடுப்புத்தளத் தசைகள் ஆகிய மூன்றில் ஒன்று. உங்கள் வலி இந்தக் கடைசி வகை. அதோடு காய்ச்சலுடன் தொடங்கிய சிறுநீர்த் தொற்றும், அது திரும்பத் திரும்ப வருவதும் சேர்ந்திருப்பதால்தான் நாள்பட்ட பாக்டீரியா புராஸ்டேட் அழற்சியை நான் முதலில் நினைக்கிறேன்.

இப்போது பரிசோதனை. இதற்கு யூராலஜிஸ்டிடம் செல்ல வேண்டும். நம்மூரில் 'கிட்னி டாக்டர்' என்று கேட்டுக்கொண்டு நெஃப்ராலஜிஸ்டிடம் போய், அரை நாள் காத்திருந்து, வேறு இடத்துக்கு அனுப்பப்பட்டவர்களை அடிக்கடி பார்க்கிறேன். நெஃப்ராலஜிஸ்ட் பார்ப்பது சிறுநீரகச் செயலிழப்பு, டயாலிசிஸ் போன்றவை. புராஸ்டேட்டைப் பார்ப்பவர் யூராலஜிஸ்ட். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் யூராலஜிக்கென்று தனிப் பிரிவு உண்டு. ஆண்பிள்ளைப் பிரச்சினை என்று பதிவுச் சீட்டுக் கொடுப்பவரிடம் விளக்க வேண்டியதில்லை, 'சிறுநீர் எரிச்சல் திரும்பத் திரும்ப வருகிறது' என்று சொன்னாலே போதும், சரியான இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

அந்தப் பரிசோதனைக்கு இரண்டு புட்டிகள் தேவை. கிருமிக்கொல்லி மருந்து எதையும் எடுத்து முடித்து, முடிந்தால் இரண்டு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். சிறுநீர்ப்பை ஓரளவு நிறைந்திருக்க வேண்டும். ஆணுறுப்பின் நுனியைச் சுத்தம் செய்துகொண்டு, முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு, நடுவில் வருவதை முதல் புட்டியில் பிடிப்பீர்கள். முழுவதையும் கழித்துவிடாமல் கொஞ்சம் அடக்கி வைக்க வேண்டும். பிறகு மருத்துவர் கையுறை அணிந்து, வழவழப்பான ஜெல் தடவிய விரலை ஆசனவாய் வழியாக உள்ளே செலுத்தி, மலக்குடலின் முன்சுவர் வழியே புராஸ்டேட்டை ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி ஏறத்தாழ ஒரு நிமிடம் அழுத்தித் தடவுவார். வலியைவிடச் சங்கடம்தான் அதிகம். உடனே சிறுநீர் வருவது போன்ற உணர்வு ஏற்படும், அது இயல்பு. எழுந்தவுடன் வரும் முதல் 10 மில்லி சிறுநீரை இரண்டாவது புட்டியில் பிடிக்க வேண்டும். அழுத்தும்போது சுரப்பியிலிருந்து பிதுங்கிய நீர் அந்தச் சிறுநீரில்தான் இருக்கும்.

இரண்டு புட்டிகளையும் நுண்ணோக்கிப் பரிசோதனைக்கும் கல்ச்சருக்கும் அனுப்புவோம். முதல் புட்டியில் கிருமி இல்லாமலோ மிகக் குறைவாகவோ இருந்து, இரண்டாவதில் சீழ் அணுக்களும் பத்து மடங்கு கிருமியும் தெரிந்தால், கிருமியின் இருப்பிடம் புராஸ்டேட் என்று பொருள். உதாரணமாக முதலாவதில் மில்லிக்கு 1,000 ஈ. கோலை கிருமிகளும் இரண்டாவதில் 10,000 கிருமிகளும் வளர்ந்தால் அது போதும். ஆனால் வழக்கமான சிறுநீர் கல்ச்சரில் மில்லிக்கு 1,00,000 என்பதையே எல்லையாக வைத்துப் பல ஆய்வகங்கள் அதற்குக் கீழே இருப்பதைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்று எழுதிவிடுகின்றன. 10,000 வளர்ந்த புட்டிக்கு 'குறிப்பிடத்தக்க வளர்ச்சி இல்லை' என்று அறிக்கை வந்தால் இத்தனை பாடும் வீண். அதனால் கோரிக்கைத் தாளில் 'புராஸ்டேட் மசாஜுக்கு முன்', 'பின்' என்று எழுதச் சொல்லுங்கள். எழுதப்பட்டிருக்கிறதா என்று நீங்களும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இந்தப் பரிசோதனை எல்லோருக்கும் எல்லா நேரத்திலும் கூடாது. கடும் காய்ச்சலும் குளிர் நடுக்கமும் இருக்கும்போது வீங்கிய புராஸ்டேட்டை அழுத்தினால் கிருமி இரத்தத்தில் கலந்துவிடக்கூடும். அந்த நிலையில் மென்மையாகத் தொட்டுப் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டு, சாதாரண சிறுநீர் கல்ச்சரை மட்டும் எடுத்து, உடனே மருந்தைத் தொடங்கிவிடுவோம்.

சிலர் விந்து கல்ச்சரை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். விந்து வெளியே வரும் வழியில் தோலிலும் சிறுநீர்க் குழாயின் வாயிலும் இயல்பாகவே வாழும் கிருமிகள் அதில் கலந்துவிடும். உள்ளே உண்மையாக இருக்கும் கிருமியோ பல சமயங்களில் அதில் வளர்வதே இல்லை. அந்த ஒற்றை அறிக்கையை நம்பி மாதக்கணக்கில் மாற்றி மாற்றி மருந்து சாப்பிட்டவர்களை எனக்குத் தெரியும். ஸ்கேனில் 'புராஸ்டேட்டில் கால்சியம் படிந்துள்ளது' என்று வந்தாலும் அதுவே நோய் என்று எண்ணிவிட வேண்டாம். வலி எதுவும் இல்லாதவர்களுக்கும் அது மிகச் சாதாரணமாகக் காணப்படுவது.

கிருமி உறுதியானால் சிகிச்சைக் காலம் நீளம்: பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம். புராஸ்டேட் திசுவுக்குள் புகக்கூடிய கிருமிக்கொல்லிகள் சிலவே. சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் அடங்கிய குடும்பமே வழக்கமாக முதல் தேர்வு. ஆனால் நம் நாட்டில் ஈ. கோலை கிருமிகளில் மிகப் பல இந்தக் குடும்பத்துக்கு அடங்குவதில்லை. எந்த மருந்துக்கு உங்கள் கிருமி அடங்கும் என்பதைக் கல்ச்சர்தான் சொல்லும். அதனால்தான் மருந்துக்கு முன் மாதிரி எடுக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்கிறேன். முதல் வாரத்திலேயே வலி குறைந்துவிடும், அப்போது நிறுத்திவிடத் தோன்றும். நிறுத்தினால் நைட்ரோஃபுரான்டாயின் கதைதான் மறுபடியும். மருந்து எடுக்கும் காலத்தில் குதிகாலுக்கு மேலிருக்கும் தடித்த நரம்பு போன்ற தசைநாணில் வலி வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்; இந்தக் குடும்ப மருந்துகள் அரிதாக அந்த நாணை அறுத்துவிடக்கூடும்.

உங்கள் விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு, இதைத் தயவுசெய்து மறக்காதீர்கள். யூராலஜிஸ்டிடம் க்ளோமிப்ரமின் எடுப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். மனநல மருந்தைச் சொல்லக் கூச்சப்பட்டு மறைப்பவர்கள் உண்டு. சிப்ரோஃப்ளாக்சசின், கல்லீரலில் க்ளோமிப்ரமின் சிதையும் வேகத்தைக் குறைத்து, இரத்தத்தில் அதன் அளவை ஏற்றக்கூடும். இரண்டுமே இதயத்தின் மின்துடிப்பு இடைவெளியை நீட்டும் தன்மை கொண்டவை. தெரிந்திருந்தால் மருத்துவர் வேறு மருந்தைத் தேர்ந்தெடுப்பார், அல்லது ஒரு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குவார். கடையில் நீங்களே வாங்கிச் சாப்பிடும்போது இதைப் பார்க்க யாரும் இல்லை.

க்ளோமிப்ரமினால்தான் வலி என்று உங்கள் நண்பர் சொன்னது ஆதாரமில்லாத பேச்சு அல்ல. க்ளோமிப்ரமின், இமிப்ரமின், அமாக்ஸபின், வென்லாஃபாக்சின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் சிலருக்கு விந்து வெளியேறும்போது கடும் வலியை உண்டாக்குவது மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியிருக்கிறது. சுரப்பிகளைப் பிழியும் நரம்புச் சமிக்ஞைகளில் இம்மருந்துகள் தலையிட்டு, தசைகளை ஒழுங்கற்ற முறையில் இறுகச் செய்வதே காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. என்னிடம் வந்த 29 வயது இளைஞர் ஒருவருக்கு, கை கழுவிக்கொண்டே இருக்கும் எண்ணச் சுழற்சி நோய்க்காக க்ளோமிப்ரமின் அளவைக் கூட்டிய ஐந்தாவது நாள், விந்து வரும்போது ஆணுறுப்பின் அடியிலிருந்து நுனி வரை சுண்டி இழுப்பது போன்ற வலி தொடங்கியது. காய்ச்சல் இல்லை, எரிச்சல் இல்லை. புராஸ்டேட்டைத் தொட்டுப் பார்த்தபோது வலி இல்லை. இரண்டு புட்டிகளும் சுத்தம். அவருடைய மனநல மருத்துவரிடம் பேசினேன். அவர் அளவைப் படிப்படியாகக் குறைத்து வேறு மருந்துக்கு மாற்றினார், இரண்டு வாரத்துக்குள் வலி போய்விட்டது.

மருந்தால் வரும் வலியின் அடையாளம் அந்தக் காலக் கணக்குதான்: மருந்து தொடங்கிய அல்லது அளவு கூட்டிய சில நாட்களில், சில வாரங்களில் வரும், குறைத்தால் குறையும், நிறுத்தினால் நிற்கும். நீங்கள் இரண்டு ஆண்டுகளாக எடுக்கிறீர்கள், வலியோ காய்ச்சலுக்குப் பின் வந்திருக்கிறது. இடையில் அளவைக் கூட்டியிருந்தால் மட்டும் நான் மறுபடி யோசிப்பேன். எனவே நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று விட்டால் தலைசுற்றல், குமட்டல், தூக்கமின்மை, பதற்றம் ஆகியவை வரும், அதைவிட முக்கியமாக, எதற்காக அதை எடுக்கிறீர்களோ அந்த நோய் திரும்பும். ஆனால் அந்த மருந்து வேறொரு வழியில் இதில் சம்பந்தப்பட்டிருக்கலாம்: அது சிலருக்குச் சிறுநீர்ப்பையின் அழுத்தத்தைத் தளர்த்தி, கழித்த பிறகும் கொஞ்சம் சிறுநீரைத் தேங்க வைக்கும்; தேங்கிய சிறுநீர் கிருமிக்கு வசதி. கழிப்பதற்குத் தொடக்கத்தில் காத்திருக்க வேண்டியிருக்கிறதா, தாரை மெலிந்திருக்கிறதா என்று கவனியுங்கள். சிறுநீர் கழித்த உடன் ஒரு ஸ்கேன் எடுத்து எவ்வளவு மிஞ்சுகிறது என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு புட்டிகளிலும் கிருமி இல்லாவிட்டால் என்ன? புராஸ்டேட் அழற்சி என்று பெயர் சூட்டப்படுபவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான். பாக்டீரியாவை நிரூபிக்க முடிவது பத்தில் ஒருவருக்கு அல்லது அதற்கும் குறைவு. மற்றவர்களுக்கு இருப்பதை நாள்பட்ட இடுப்பு வலி நோய்க்குறி என்று அழைக்கிறோம். இவர்களில் பலருக்கு, மலத்தையும் சிறுநீரையும் அடக்க நாம் இறுக்கும் அந்தத் தசைகள், எந்நேரமும் தளராமல் இறுகியே இருக்கின்றன. ஆசனவாய் வழிப் பரிசோதனையில் விரலைப் பக்கச் சுவரில் வைத்து அழுத்தினால், புராஸ்டேட்டை அழுத்தும்போது வராத வலி அங்கே வரும். 'இதே வலிதான் டாக்டர்' என்று நோயாளியே சொல்லிவிடுவார். இவர்களுக்குக் கிருமிக்கொல்லி ஒரு தவணைக்கு மேல் கொடுப்பதில் பயனில்லை. தசையைத் தளர்த்தக் கற்றுத்தரும் பிசியோதெரபி, இடுப்பளவு வெந்நீரில் 15 நிமிடம் அமர்வது, அழற்சி குறைக்கும் மாத்திரை, புராஸ்டேட் தசையைத் தளர்த்தும் டாம்சுலோசின் போன்றவை உதவும். ஒன்றே எல்லோருக்கும் பொருந்தாது, மாதங்கள் ஆகும். இங்கே நான் அடிக்கடி பார்க்கும் தவறு ஒன்று: வீடியோ பார்த்து இடுப்புத்தளத்தை இறுக்கும் கெகல் பயிற்சியைத் தினமும் செய்து, ஏற்கெனவே இறுகிய தசையை மேலும் இறுக்கிவிடுகிறார்கள். இவர்களுக்குத் தேவை நேரெதிர்ப் பயிற்சி. டாம்சுலோசின் எழுதப்பட்டால், க்ளோமிப்ரமினும் சேர்ந்து எழுந்து நிற்கும்போது தலை சுற்ற வைக்கலாம். இரவில் படுக்கப் போகும்போது எடுப்பதைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

நம் நாட்டில் காசநோயையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சிறுநீரில் சீழ் அணுக்கள் தொடர்ந்து தெரிந்தும் கல்ச்சரில் எதுவும் வளராமல், விந்தின் அளவு குறைந்துகொண்டே வந்து, விதைப்பைக்கு மேலே தொட்டால் விந்து நாளம் பாசிமணி கோத்தது போல முடிச்சு முடிச்சாகத் தட்டுப்பட்டால், அதிகாலைச் சிறுநீரை மூன்று நாள் எடுத்துக் காசநோய்க்குப் பரிசோதிப்போம். லீவோஃப்ளாக்சசின் குடும்பம் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். அதைப் பரிசோதிக்காமல் விழுங்கினால் நோய் குணமாகாது, ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துகொள்ளும். கடையில் வாங்கிச் சாப்பிடுவதை நான் இத்தனை முறை சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மற்றக் காரணங்கள் உங்களுக்குப் பொருந்துவதாகத் தெரியவில்லை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விந்து வெளிவரும் நுண்குழாயில் கல்லோ நீர்க்கட்டியோ அடைத்தால் வலியோடு விந்தின் அளவும் நன்றாகக் குறையும். குடலிறக்கத்துக்கு வலை வைத்துத் தைத்தவர்களுக்கும், குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டவர்களுக்கும், புராஸ்டேட் புற்றுநோய்க்காகச் சுரப்பியை அகற்றியவர்களுக்கும் இந்த வலி வரலாம். அந்த அறுவை எப்போது நடந்தது என்பதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். புற்றுநோயே இந்த வலியாக மட்டும் வெளிப்படுவது அரிது. உங்கள் வயதில் அந்தப் பயத்தில் பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனைக்கு ஓட வேண்டாம். தொற்று இருக்கும்போது அந்த எண் தானாகவே ஏறும், தொற்று ஆறி ஆறு முதல் எட்டு வாரம் கழித்து எடுத்தால்தான் அதை நம்ப முடியும்.

சிறு வயதுப் பழக்கம் என்று நீங்கள் எழுதியது கைப்பழக்கத்தை என்றால், அதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. சுரப்பி வயிற்றுக்குள் ஆழத்தில் இருக்கிறது, அது தேய்வதுமில்லை, வற்றுவதுமில்லை, தினமும் சுரக்கிறது. பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டியிருக்கும் விளம்பரங்கள் இந்தப் பயத்தை வைத்தே பிழைக்கின்றன. 'நரம்புத் தளர்ச்சி' என்று சொல்லி லேகியமும் பொடியும் பல ஆயிரத்துக்குக் கொடுக்கப்பட்டு, உள்ளே இருந்த தொற்று ஓராண்டு வளர்ந்த பிறகு என்னிடம் வந்தவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அந்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்கு இரண்டு புட்டிக் கல்ச்சருக்குப் போதும்.

மனைவியைப் பொறுத்தவரை: ஈ. கோலை குடலில் வாழும் கிருமி, உங்கள் சொந்தக் குடலிலிருந்து சிறுநீர்ப் பாதைக்கு ஏறியது. இது பால்வினை நோய் அல்ல, அவருக்குச் சிகிச்சை தேவையில்லை, உறவைத் தள்ளிவைக்கவும் வேண்டாம். விந்து வெளியேறுவது சுரப்பியைக் கெடுக்காது. வலி பொறுக்கும்படி இருந்தால் தடையில்லை. ஆனால் திருமணத்துக்கு வெளியே பாதுகாப்பற்ற உறவு எப்போதாவது நடந்திருந்தால், அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்வது அந்த அறையை விட்டு வெளியே போகாது. அப்போது முதலில் வரும் சிறுநீரில் கிளமிடியா, கொனோரியா பரிசோதனையும் சேர்த்து எடுக்கப்படும், முடிவு தெரியும்வரை ஆணுறை தேவை, இருக்கிறதென்று தெரிந்தால் இருவருக்கும் ஒரே சமயத்தில் சிகிச்சை நடக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் குணமான பிறகு அவரிடமிருந்து உங்களுக்கே திரும்பி வரும்.

இப்போது உங்களுக்குக் காய்ச்சல் இல்லை என்று எடுத்துக்கொண்டு, ஒன்றிரண்டு வாரத்துக்குள் நாள் குறித்துப் போகலாம் என்கிறேன். ஆனால் இடையில் குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் அடித்தாலோ, சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, அன்றிரவே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். அது கடும் புராஸ்டேட் அழற்சியாக இருக்கலாம், ஊசி மருந்தும் சில சமயம் மருத்துவமனையில் தங்குவதும் தேவைப்படும். நீரிழிவு உள்ளவர்கள் இதில் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. ஒரு பக்க விதை திடீரென்று தாங்க முடியாமல் வலித்தால் அது தொற்றாக இல்லாமல் விதை முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம், ஆறு மணி நேரத்துக்குள் அறுவை மேசைக்குப் போனால்தான் விதையைக் காப்பாற்றலாம். அதற்கு விடியும்வரை காத்திருக்காதீர்கள். விந்தில் இரத்தம் தெரிந்தால் பயம் வருவது இயல்பு. நாற்பதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அது பெரும்பாலும் அழற்சியால் வந்து சில வாரங்களில் தானே நின்றுவிடும், தொடர்ந்து தெரிந்தாலோ, வயது நாற்பதைத் தாண்டியிருந்தாலோ காட்ட வேண்டும்.

போகும் முன் ஒரு தாளில் மூன்று தவணைகளின் தேதியை எழுதிக்கொள்ளுங்கள்: மாத்திரை எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது, அதன் பிறகு எத்தனையாவது நாளில் எரிச்சலும் வலியும் திரும்பின. அந்த இடைவெளிதான் கிருமி எங்கே தங்கியிருக்கிறது என்று மருத்துவருக்குச் சொல்லும். முதல் கிளினிக்கின் சீட்டு, நார்மல் என்று வந்த யூரின் அறிக்கை, காலி மாத்திரை அட்டைகள், க்ளோமிப்ரமினின் இப்போதைய அளவு ஆகியவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் மிச்சம் இருக்கும் நைட்ரோஃபுரான்டாயினை, பரிசோதனை முடியும்வரை, எரிச்சல் வந்தாலும் தொடாதீர்கள். தாங்க முடியாத எரிச்சல் என்றால் குறித்த நாளுக்குக் காத்திராமல் முன்கூட்டியே போய் அன்றே மாதிரியைக் கொடுத்துவிடுங்கள். மருந்து ஆறு வாரமும் முடிந்த பிறகு, இன்னும் சில வாரங்கள் கழித்து, இரண்டு புட்டிகளையும் மறுபடியும் ஒரு முறை அனுப்பிப் பார்க்க வேண்டும்.